மேலாளரின் இரட்டைக் குரல்

இணையவழிக் கூட்டத்தின் பதிவில் தன் குரல் இரண்டிரண்டாகக் கேட்கிறதென்று மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கணினிப் பிரிவுப் பெண் வந்து பார்த்தாள். தன் மைக் தன் ஹெட்போனிலும் ஒலிக்கும்படி வைத்திருந்தார் மனிதர். தன் குரலைக் கேட்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கணினியில் ஒலிப்பதையெல்லாம் பிடிக்கும் லூப்பேக் பதிவு அதையும் பிடித்திருந்தது, மைக்கில் ஏற்கெனவே பதிவானதற்கு மேலாக.

அவர் குரல் ஹெட்போனில் ஒலிப்பதை அவள் அணைத்தாள். "இனி லூப்பேக் ஃபைல்ல மத்தவங்க பேசுறது மட்டும்தான் சார் இருக்கும். உங்க குரல் மைக் ஃபைல்ல தனியா இருக்கும். ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க."

அவர் பாதிதான் காதில் வாங்கினார். அடுத்த கூட்டம் முடிந்ததும் லூப்பேக் ஃபைலை மட்டும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது: "ஒரு மணி நேரத்தில் நான்கு 'சரி சார்', ஒரு குறட்டை. இதுவரை வந்ததிலேயே உருப்படியான கூட்டம் இதுதான். இனி இப்படியே நடத்தவும்."