ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கன அடி

மாநில எல்லையில், ஆற்றோரம், இரண்டே அறை கொண்ட கட்டடம். ஒன்றில் மேல் மாநிலத்து அளவாளர், மற்றதில் கீழ் மாநிலத்து அளவாளர். காலை ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து போய், ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து, இரண்டு பதிவேட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தம் அப்படி. ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் உண்டு. சேர்ந்து குடித்தால் ஆறு வற்றிவிடுமாம்!

கீழ் மாநிலத்துக்காரருக்கு அவர் தம்பி வைத்த பெயர் ‘அளவுகோல்’. பதினோரு வருஷமாக அங்கே தனிக்கட்டை. கல்யாணம் கூடிவரவில்லை, பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொந்தம் என்று சொல்ல அந்தத் தம்பி ஒருத்தன்தான். கால்வாயின் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருந்தான். தினமும் ஆறேகாலுக்கு அவன் போன் வரும். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை அளவுகோலிடம் பேச நாதியில்லை.

“அண்ணே, இன்னிக்கு எவ்வளவு?”

“ஆறாயிரத்து நானூறுடா.”

“பாவிங்க! கதிர் வாங்குற நேரத்துல கழுத்தறுக்கறாங்களே!”

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பற்றாக்குறையை இரண்டு மாநிலமும் பங்கு விகிதப்படி சுமக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கணக்கில், பற்றாக்குறைக்குக் கழித்தது போக, எல்லையில் நொடிக்கு ஏழாயிரத்து எண்ணூறு கன அடி வந்தாக வேண்டும். பத்து நாளாக வரவில்லை. திங்கட்கிழமை ஒழுங்காற்றுக் குழு கூடினால், குறைந்த தண்ணீரைச் சேர்த்துத் திறக்கச் சொல்லி உத்தரவு வரும். வந்தால் தம்பியின் பயிர் பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை மேல் மாநிலத்துக்காரர் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், அணையில நாங்க எட்டாயிரத்து ஐநூறு திறக்கறோம். வழியில ஆறு குடிச்சாலும் ரெண்டாயிரமா குடிக்கும்? கம்பத்துக்குக் கீழ ஒரு வருஷமா மணல் அள்ளுறாங்க. படுகை இறங்கிடுச்சு. அதே தண்ணிதான், மட்டம் தாழ்ந்து ஓடுது. பழைய அட்டவணை இனிமே செல்லாது. படகுல போய் அளப்போம்.”

அளவுகோலுக்குத் தெரியாததா? லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்! கம்பத்தின் மட்டத்தைத் தண்ணீரின் அளவாக மாற்றும் அட்டவணை, படுகை பழையபடி இருக்கும் வரைக்கும்தான் சரி. ஒரு தரப்பு கேட்டால் கூட்டு அளவீடு செய்ய வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழாவிட்டால் பழைய அட்டவணைதான் நிற்கும்.

தன் பொறியாளருக்குப் போன் போட்டார்.

“காய்ச்சல்னு லீவு போட்டுட்டுப் படுங்க. திங்கள் தாண்டட்டும், பாத்துக்கலாம்,” என்றார் பொறியாளர். “உங்க தம்பி வயலும் கீழதானே இருக்கு?”

போனை வைத்துவிட்டு அளவுகோல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் எழுதிய எந்த எண்ணும் பொய்யில்லை. அவர் வாழ்க்கையில் அது தவிர வேறு என்ன இருந்தது?

சனிக்கிழமை இருவரும் படகில் இறங்கினார்கள். குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு இடத்தில் நின்றார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆழம் பார்த்து, மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் நீரோட்டத்தின் வேகம் அளக்கும் கரண்ட் மீட்டரை இறக்கி, விசிறியின் சுற்றுகளை எண்ணி வேகத்தைக் குறித்தார்கள். வேகத்தைப் பரப்பால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டியபோது வந்தது ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். மேல் மாநிலம் ஒரு சொட்டும் குறைக்கவில்லை.

அப்படியானால் கடைமடைக்கு வர வேண்டிய தண்ணீர் எங்கே? கால்வாயின் தலைமடையில் இரவு பகலாக ஓடும் மோட்டார்களைக் கேட்க வேண்டும். சொந்த மாநிலத்து ஆளைக் கேட்க யாருக்கு வாய் வரும்? எல்லைக்கு அந்தப் பக்கம் கைநீட்டுவது சுலபம்.

“எங்க அணையில இனி இருக்கறது குடிக்கற தண்ணிதான் சார். நீங்க நல்லா இருக்கணும்,” என்றார் மேல் மாநிலத்துக்காரர். அளவுகோல் புது அளவீட்டில் கையெழுத்துப் போட்டார்.

யாரோ சொல்லி அவன் கேட்கக் கூடாது என்று தானே தம்பியைக் கூப்பிட்டார். மணல், மட்டம், மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அப்போ திங்கட்கிழமை எதுவும் வராது?”

“வராதுடா. தலைமடைக்காரங்க மேல மனு குடு, நான் எழுதித் தர்றேன்...”

“மனு போய்ச் சேர்றதுக்குள்ள பயிர் செத்துடும். நீ கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்ல?”

“பொய்யா எழுதச் சொல்றியாடா?”

திட்டட்டும் என்று அளவுகோல் காத்திருந்தார். திட்டினால் தேவலை போலிருந்தது.

“சரிங்க சார். ரொம்ப நன்றிங்க,” என்றான் தம்பி. அன்னிய ஆளிடம் பேசுகிற குரல். போன் துண்டிக்கப்பட்டது.

அவரை அண்ணே என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.