வாய்ச்சொல்லில் நின்ற பணிக்கொடை

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, துணிகளையெல்லாம் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கிக் கொடுப்பது அவள் வேலை. புதிதாக வரும் நர்ஸ் யாராவது பயந்துபோய், "ஆவியா? இந்த ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டால் அவளே முன்னால் வந்து, "நான்தான் அது. உயிரோட இருக்கற ஆவி" என்பாள். கொதிக்கும் கதவைத் திறந்து திறந்து இரண்டு முன்கையிலும் வரிவரியாகத் தழும்பு. இருபத்தாறு வருஷம் அந்த அறையில்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, தொழிற்சங்கத்து வக்கீலின் அறையில் ஒரு மடக்கு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நட்டுக்கொண்டு. வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மேஜையில் கட்டுக்கட்டாகக் காகிதம். அவற்றின் மேல் பாதி சாப்பிட்ட டிபன் டப்பா.

"கிராஜுவிட்டி வாங்கலையா நீங்க?" என்று வக்கீலம்மா இரண்டாம் முறை கேட்டாள்.

"இல்லம்மா. அதுக்குத் தமிழ்ல பணிக்கொடைன்னு சொல்றாங்களே, கொடைன்னா அவங்களாப் பார்த்துக் குடுக்கறதுதானே? கேட்டு வாங்கறதா?"

"பேருதான் கொடை. சட்டத்துல அது கடன். அஞ்சு வருஷம் விடாம வேலை பார்த்தாலே உரிமை வந்துடும். பத்து பேராவது வேலை பார்க்கற இடம், சரிதானே? ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்துல பதினஞ்சு நாள் கூலி. மாசத்தை இருபத்தாறு நாளா வச்சுக் கணக்குப் போடணும். உங்களுக்கு ஒரு நல்ல தொகை வரும்." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

புருஷன்தான் சொன்னான். "பெரிய டாக்டர் பார்த்துக்கறேன்னார். இவ நம்பிட்டா."

விஷயம் அதுதான். மருத்துவமனையைத் தொடங்கிய பெரிய டாக்டர் அவள் மகளின் பிரசவத்தைக் காசு வாங்காமல் பார்த்தவர். அவள் புருஷன் வண்டியில் அடிபட்டுப் படுத்த மாதங்களில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவர். கடைசி நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நிற்கவைக்காமல் உட்காரச் சொல்லி, "உன் பணத்தைப் பத்திக் கவலைப்படாதே. நானே கொண்டுவந்து தர்றேன்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு காகிதத்தில் எழுதிக் கேட்பது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வருஷம் போனது. அவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து பேச்சு போயிற்று. அவள் போய்ப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார், வாய் கோணியது. பிறகு இறந்தார். மகன், சின்ன டாக்டர், கட்டிடத்தையும் இயந்திரங்களையும் வேறொரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

"பாருங்க," என்றாள் வக்கீலம்மா. "வேலையை விட்ட முப்பது நாளுக்குள்ள நீங்க எழுத்துல கேட்டிருக்கணும். நீங்க கேக்கலேன்னாலும் கணக்குப் போட்டு முப்பது நாளுக்குள்ள குடுக்க வேண்டியது முதலாளி கடமை. குடுக்கலேன்னா அதுலேருந்து தொண்ணூறு நாளுக்குள்ள தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட மனு போட்டிருக்கணும். எல்லாக் கெடுவும் தாண்டிப் போச்சு."

"அப்ப அவ்வளவுதானா?"

"இல்ல. கெடு தாண்டினதால உரிமை செத்துப் போகாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினா அதிகாரி ஏத்துக்கலாம். காரணம் பலமா இருக்கணும், அவ்வளவுதான்."

அன்றே முதல் கோரிக்கைக் கடிதம் தயாரானது. வக்கீலம்மா எழுதிப் படித்துக் காட்டினாள்: "தங்கள் நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இடையறாது பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு, ஐந்தாண்டுத் தொடர் பணி முடித்தோருக்குச் சட்டப்படி உரிய பணிக்கொடை இன்றுவரை வழங்கப்படவில்லை. அந்தத் தொகையை உரிய நாள் முதலான வட்டியுடன் வழங்குமாறு கோருகிறேன். உரிய காலத்தில் விண்ணப்பிக்காமைக்குக் காரணம், தங்கள் நிறுவனர் பணத்தைத் தாமே தருவதாக வாக்களித்து என்னை ஏமாற்றியமையே."

"அந்தக் கடைசி வார்த்தை வேண்டாம்மா," என்றாள் ஆவி அக்கா.

"எது?"

"ஏமாத்தினார்னு. அவர் ஏமாத்தல."

"பலமான காரணம் வேணும்னு இப்பதானே சொன்னேன்?"

"தரணும்னுதான் இருந்தார். வாயடைஞ்சு போச்சு. அத எழுதுங்க."

புருஷன் கைத்தடியால் தரையைத் தட்டினான். "ஆமா, அவருக்கு மாலையும் போடச் சொல்லு." வக்கீலம்மா அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டு அந்த வரியை அடித்தாள். "வாக்களித்தார், அதை நம்பிக் காத்திருந்தேன்" என்று மாற்றினாள்.

கடிதம், மருத்துவமனையை நடத்திவந்த சின்ன டாக்டரின் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் போனது. பதினைந்து நாளில் பதில் வந்தது, ஒரே பத்தி: கோரிக்கை காலம் கடந்தது, நிராகரிக்கிறோம். அந்தப் பதிலையும் சேர்த்து வக்கீலம்மா அதிகாரியிடம் மனுவும் தாமதத்தை மன்னிக்கும் விண்ணப்பமும் போட்டாள். மருத்துவமனையை வாங்கிய நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாள்.

விசாரணை அறை என்பது ஒரு நீண்ட மேஜை, சுழலும்போது சத்தமிடும் ஒரு மின்விசிறி, சுவரோரம் பெஞ்சு. பெஞ்சில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள். ஒவ்வொரு முறை போவதற்கும் அவளுக்கு அரை நாள் விரயமானது. பாதி நாட்களில் வேறு தேதி கொடுத்து அனுப்பினார்கள். எட்டாவது மாதம் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சின்ன டாக்டரின் வக்கீல் இளைஞன், நல்ல குரல்.

"எழுத்துல ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"வாயால?"

"அதுவும் இல்ல."

"அப்ப உங்களுக்கே அது வேண்டாம்னுதானே இருந்தீங்க?"

"வேண்டாம்னு யாராவது இருப்பாங்களாய்யா? தர்றேன்னு சொன்னவர்கிட்ட மறுபடி எப்படிக் கேக்கறது? சோறு போடறேன்னு சொன்னவன் வீட்டு வாசல்ல போய்ப் பசிக்குதுன்னு கத்தறதா?"

அதிகாரி, தலை நரைத்த மனுஷர், பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவர் அப்படிச் சொன்னபோது யார் கூட இருந்தாங்க?"

"யாருமில்லீங்க. அவரும் நானும்தான்."

சின்ன டாக்டர் தன் பிரமாண வாக்குமூலத்தில், தந்தை அப்படி எந்த வாக்கும் கொடுத்ததாகத் தனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். அது பொய்யில்லாமலும் இருக்கலாம். அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை, தாமதத்துக்குச் சொன்ன காரணம் நம்பத்தகுந்தது, முழுத் தொகையையும் பத்து சதவீதத் தனிவட்டியோடு பழைய கம்பெனி முப்பது நாளில் கட்டவேண்டும் என்று அதிகாரி எழுதினார். அவள் ஓய்வுபெற்ற பிறகுதான் விற்பனை நடந்தது, வாங்கியவர்கள் கட்டிடத்தையும் இயந்திரத்தையும் மட்டுமே வாங்கினார்கள் என்று புது நிறுவனத்தை விடுவித்துவிட்டார். அந்தப் பகுதி வாசிக்கப்பட்டபோது வக்கீலம்மாவின் முகம் இறுகியதை அவள் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். புருஷன்கூட ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

முப்பது நாள் போனது. பணம் வரவில்லை. மேல்முறையீடும் வரவில்லை.

"ஏன் அப்பீல் போகல தெரியுமா?" என்றாள் வக்கீலம்மா. "போனா முழுத் தொகையையும் முதல்ல கட்டணும். கட்டறதுக்குக் கம்பெனியில ஒண்ணுமே இல்ல. கட்டிடமும் நிலமும் எப்பவுமே சின்ன டாக்டர் சம்சாரம் பேர்லதான் இருந்துச்சு, அதை வித்த காசும் அவங்களுக்கே. கம்பெனி வாடகைக்கு இருந்திருக்கு. இயந்திரம் வித்த காசு பாங்குக் கடனுக்குப் போயிடுச்சு. கம்பெனின்னு ஒரு பேரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான் மிச்சம்."

வசூல் சான்றிதழ் வாங்கி வருவாய் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வரிப் பாக்கியைப் போல ஜப்தி செய்து வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நான்கு மாதம் கழித்து ஒரு வருவாய் ஊழியர் கம்பெனியின் முகவரிக்குப் போனார். இடம் காட்ட அவளையும் அழைத்துப் போனார். அவள் பழகிய பின்வாசலில் புதுக் கண்ணாடிக் கதவு. அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வந்து, வண்டியின் இருக்கையில் காகிதத்தை விரித்து எழுதினார்: அசையும் சொத்து இல்லை, அசையாச் சொத்து இல்லை.

"நான் என்னம்மா செய்யறது," என்றார். "இருக்கறதத்தானே எழுத முடியும்."

அடுத்த வாரம் சின்ன டாக்டர் ஆள் அனுப்பித் தன் கிளினிக்குக்குக் கூப்பிட்டார். பெரிய டாக்டரின் முகம் அப்படியே அவருக்கு. அவர் அவளை நிற்கவைத்தே பேசினார், ஆனால் கோபமாகப் பேசவில்லை.

"கம்பெனியில ஒண்ணுமில்ல ஆயா. உங்களுக்கே தெரியும். நான் என் கையிலேருந்து கொஞ்சம் தர்றேன்." ஒரு உறையை நகர்த்தினார். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் மேல் ஒரு தாள்: பணிக்கொடை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். "முழுசும்னு போட்டிருக்கே தம்பி."

"அது வழக்கமா எழுதறது."

"முழுசும் வாங்கலையே. கொஞ்சம் வாங்கினேன்னு எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். உறையை மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மூன்று மாத வாடகை பாக்கி என்பது இருவருக்குமே தெரியும். "செத்துப்போன மனுஷன் பேருல ஒரு சொல்லு பொய்யா எழுதமாட்டே. உன் பேருலயும் எழுதமாட்டே," என்றான். "வயித்துக்கு எதை எழுதப்போறே?"

வக்கீலம்மாவிடம் இன்னும் ஒரு வழி இருந்தது. பணம் கொடுக்காத முதலாளி மேல் குற்ற வழக்கு. போட்டார்கள். "அதுல ஜெயிச்சா அவருக்குத் தண்டனை கிடைக்கலாம். பணம் கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன்," என்று அவள் முன்கூட்டியே சொன்னாள். அதுவும் தேதி தேதியாகத் தள்ளிப்போகிறது.

மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்து மகளிடம் போனார்கள். மகளின் வீட்டில் ஒரே அறை; சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித் திரை. மருமகன் நல்லவன்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குளியலறையில் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்ற அவள் கற்றுக்கொண்டாள். அறுபத்திரண்டாம் வயதில் ஒரு பல் கிளினிக்கில் காலை வேலைக்குச் சேர்ந்தாள்: கருவிகளைக் கழுவுவது, தரை துடைப்பது. மொத்தம் மூன்று பேர் வேலை பார்க்கிற இடம். அங்கே பணிக்கொடைச் சட்டம் எட்டாது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தபடி புருஷன் கேட்டான். "நிஜமாச் சொல்லு. அந்தப் பெரிய மனுஷன் தந்திருப்பார்னு இன்னமும் நம்பறியா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மகள் பாத்திரம் தேய்க்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"தந்திருப்பார்," என்றாள். "எழுதிக் கேட்டிருந்தா."

பிறகு எழுந்து, மகளின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொள்ளத் திரையை விலக்கினாள்.