கடையின் பொது மெயில்

செவ்வாய்க்கிழமை காலையில், மைசூரில் தானும் புருஷனும் கட்டட வேலை செய்த தெருவின் முனையிலிருந்த கம்ப்யூட்டர் கடைக்கு மாதம்மா ஒரு பிளாப்பியைக் கொண்டுபோனாள். சித்தாள் வேலைக்கு அரை மணி லீவு சொல்லி வந்திருந்தாள். பிளாப்பியில் இருந்தது அந்தப் புருஷன் சென்னப்பனின் டாக்டர் ரிப்போர்ட், பி.டி.எஃப். ஆக. பாஸ்போர்ட் விவரமும் அதிலேயே இருந்தது. மஸ்கட் கம்பெனி அதையெல்லாம் வேர்ட் பைலாகக் கேட்டிருந்தது. முன்பு வந்த டி.பி. நோயும் அது குணமானதும் அதில் எழுதியிருந்ததால், யார் கண்ணிலும் படக்கூடாது என்று சொல்லித்தான் சென்னப்பன் அனுப்பியிருந்தான்.

கடைக்காரி சொர்ணலதா இரண்டு வழி சொன்னாள். இங்கேயே திறந்து பக்கம் பக்கமாக எழுத்தை எடுத்து வேர்டில் ஒட்டி, உடைந்த வரிகளைச் சேர்க்கலாம். பைல் கடையை விட்டு வெளியே போகாது, ஆனால் அரை நாள் பிடிக்கும். இல்லையென்றால் வெளிநாட்டில் ஒரு விலாசத்துக்கு மெயிலில் அனுப்பினால், அங்கிருக்கும் மெஷினே எழுத்தாக்கித் திருப்பி அனுப்பும். அங்கே பைலை என்ன செய்வார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

அரை நாள் என்றதும் மாதம்மாவுக்கு மேஸ்திரி முகம்தான் நினைவுக்கு வந்தது.

"மெயில்லயே அனுப்பிரு அம்மணி. தூரதேசத்துல எங்களை ஆருக்குத் தெரியப்போகுது?"

பதில் சீக்கிரமே வந்தது. சொர்ணலதா அதை வேர்டில் ஒட்டிப் பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தாள். கடைக்கு இருந்தது ஒரே மெயில் கணக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் கடிதம் அதில்தான் வரும். வந்த பதிலை அழிக்க அவளுக்குத் தோன்றவில்லை, அழிக்கச் சொல்ல மாதம்மாவுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் துபாய்த் தம்பியின் கடிதம் பார்க்க மேஸ்திரி லிங்கப்பன் அதே மெயிலைத் திறந்தார். வந்த கடிதங்களின் பட்டியலில் மேலேயே சென்னப்பன் பெயர். பி.டி.எஃப். ஆக இருந்திருந்தால் திறக்கத் தெரியாமல் விட்டிருப்பார். இது வெறும் எழுத்து. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு டி.பி. என்ற சொல்லே போதும்.

மறுநாள் சாரத்தில் ஏறப்போன சென்னப்பனைக் கீழே நிறுத்தி, கடை மெயிலில் ரிப்போர்ட்டைப் படித்ததைச் சொல்லி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். குணமானதென்றும் அதிலேயே இருக்கிறதே என்றான் அவன். தண்ணிக் குடம் எல்லாருக்கும் ஒன்று, ஆட்கள் பயப்படுவார்கள் என்றார் மேஸ்திரி. மஸ்கட் போகும்வரை சோறு போட வேண்டிய வேலை அது.

குடிசைக்கு வந்தவன் சட்டையை மாற்றினான். அந்தக் கடைக்காரி காட்டிக்கொடுத்துவிட்டாள், போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்றான். மாதம்மா அடுப்பை விட்டு எழுந்தாள். அவன் போய்க் கத்திவிட்டு வந்தால், அனுப்பச் சொன்னது தான்தான் என்பது அதோடு மறைந்துவிடும். அந்த எண்ணம் வந்ததற்கே அவளுக்குக் கூசியது.

"அந்தப் புள்ள மேல தப்பு பாதிதானுங்க. இங்கயே செய்யலாம், வெளிய போவாதுன்னு சொல்லுச்சு. நாந்தான் நேரமாவுதுன்னு அனுப்பச் சொன்னேன்."

சென்னப்பன் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னேனே, புள்ளே."

"சொன்னீங்க."

அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். அவள் கடைக்கு நடந்தாள், அந்த மெயிலை அழிக்கச் சொல்ல. வெளிநாட்டு மெஷினில் இருப்பதை யாரிடம் போய் அழிக்கச் சொல்வது என்பது அவளுக்குத் தெரியவில்லை.