இடது பக்கம் படம், வலது பக்கம் பேச்சு

வீராசாமி எழுதிய மின்னஞ்சலில் இரண்டாயிரத்து அறுநூறு சொற்கள் இருந்தன. காந்தி ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டு ஜவுளிக் கடைக்கு அவர்தான் மனிதவள மேலாளர். 'வரவேற்பு மற்றும் பணி வழிகாட்டுதல்கள்' என்ற தலைப்பில், புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அது போகும். சேருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது என்பதால் ஒன்பது பக்கமாக அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் எல்லோரும் படித்திருந்தார்கள்.

ஆவணி முகூர்த்தங்களுக்காக ஆள் எடுத்தபோது ஒரு பெண் முதல் நாள் காலை கடை வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள். காவலாளி யாருக்கோ காத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார். முதலாளி அப்பாதுரை காரைவிட்டு இறங்கியவர், நல்ல மனிதர், என்ன மாதிரி புடவை பார்க்கிறீர்கள் என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனார். இரண்டு புடவை விரித்துக் காட்டியபிறகுதான் அவள் விற்க வந்தவள் என்று தெரிந்தது. ஊழியர்கள் பின் தெருவில் உள்ள வழியாகத்தான் வர வேண்டும் என்பது மின்னஞ்சலின் நான்காம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது.

அன்று மாலையே முதலாளி சொல்லிவிட்டார். தாள் வேண்டாம், மூன்று நிமிட வீடியோ போதும், பயிற்சி அறை டிவியில் போடுங்கள். வீராசாமி அதைத் துளசியிடம் சொன்னார். துளசி அவருக்கு உதவியாளர், பி.காம். படித்துவிட்டு செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். ஒரு வரியும் விட்டுப்போகாமல் மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார்.

துளசி முதலில் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு மின்னஞ்சலை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். இருபத்தாறு நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள். அதே வேகத்தில் பேசினால் மூன்று நிமிடத்தில் முன்னூறு சொற்கள்தான் அடங்கும். ஆகவே பத்தில் ஒன்பது பங்கு போயாக வேண்டும்; எந்த ஒரு பங்கு தங்கும் என்பதுதான் வேலை.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடது பக்கம் திரையில் தெரியும் படம், வலது பக்கம் அதற்கான பேச்சு. 'பணியாளர்கள் தங்கள் காலணிகளை அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் விட்டு வருமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்பது 'செருப்பை லிஃப்டுக்குப் பின்னால இருக்கிற ரேக்குல விடுங்க' என்று ஆனது. விடுப்பு விதி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. விவரமெல்லாம் வீடியோவில் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. அவற்றை ஒரே தாளாக்கி, 'இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்கங்க' என்று ஒரு வரி மட்டும் எழுதினாள். ஆட்களின் பெயரும் போன் நம்பரும் போடவில்லை. ஆள் மாறினால் வீடியோவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாள் ஒருவருக்கு என்னதான் தெரிய வேண்டும் என்று மதிய சாப்பாட்டின்போது இளவரசியைக் கேட்டாள். இளவரசி மூன்றாம் மாடியில் சுடிதார், காட்டன் பகுதியில் ஆறு வருடமாக விற்பனையில் இருப்பவள். கேட்டதுமே வரிசையாகச் சொன்னாள். எந்த வழியாக வருவது, பாத்ரூம் எங்கே, சம்பளம் என்றைக்கு, அவசரம் என்றால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது. பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடியபடி, உட்காரலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிடு, நான் அது தெரியாமல் முதல் நாள் உட்கார்ந்து திட்டு வாங்கினேன் என்றாள்.

இளவரசி அந்த மாதத்தோடு வேலையைவிட்டு நிற்கப் போகிறாள் என்பது துளசிக்குத் தெரியும். காலையிலிருந்து இரவு கடை சாத்தும்வரை நின்று நின்று அவள் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. ரங்கசாமிகுளம் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் அவளுடைய பெரியம்மா மகன் தனுஷ், அங்கே பில் போடக் கூப்பிட்டிருந்தார்.

"சம்பளம் ரெண்டாயிரம் கம்மிதான். ஆனா அங்க நாற்காலி இருக்குதும்மா," என்றாள் இளவரசி. "எனக்கு இந்த வேலைதான் புடிக்கும். காலுக்குத்தான் புடிக்கல."

துளசி மேலே போய் மின்னஞ்சலைத் திரும்பப் படித்தாள். பத்தொன்பதாம் பத்தியில் இருந்தது. 'பணி நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர்கள் அமரும் வண்ணம் உரிய இருக்கை வசதிகள் நிர்வாகத்தால் ஏற்படுத்தப்பட்டுள்ளன.' கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வீராசாமி சேர்த்து, பழைய ஆட்களிடமும் கையெழுத்து வாங்கிய பத்தி அது. தரைத்தளத்தில் முகூர்த்தப் பட்டு விற்கும் ஆண்கள் வெள்ளை மெத்தையில் வாடிக்கையாளரோடு உட்கார்ந்துதான் விற்கிறார்கள். மேல் மாடிகளில் கவுன்டர். அங்கே இருப்பதெல்லாம் பெண்கள், நிற்பதும் அவர்கள்தான். அந்தப் பத்திக்குக் கீழே அவர்கள் எல்லோருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், இளவரசி உட்பட.

துளசி வலது பக்கம் எழுதினாள்: 'கஸ்டமர் இல்லாத நேரத்துல ஸ்டூல்ல உட்காரலாம். யாரையும் கேக்க வேணாம்.' இடது பக்கம் எழுதினாள்: 'மூன்றாம் மாடி. இளவரசி ஸ்டூலில் உட்கார்ந்து சுடிதார் துணி மடிக்கிறார்.' கடைசி வரியாக, 'இந்த வீடியோவுல காட்டினது எதுவாச்சும் உங்க மாடியில இல்லன்னா, நாலாவது மாடி ஆபீஸ்ல வந்து கேளுங்க' என்று முடித்தாள்.

வீராசாமி இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். வெட்டப்பட்ட ஒவ்வொரு பத்திக்கும் கொஞ்சம் வருத்தப்பட்டார். நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை போனதில் அவருக்கு ஒரு வாய் சோறு குறைந்தது என்று பியூன் சொன்னார். ஆனால் பத்தொன்பதாம் பத்தி தப்பித்ததில் திருப்தி. சட்டம் சம்பந்தப்பட்டது, கட்டாயம் இருக்கணும் என்று பச்சை மையில் டிக் அடித்தார். கடைசி வரியை மிகவும் பாராட்டினார். அவர் படித்தது வலது பக்கத்தை மட்டும்.

படம் எடுக்க சாமுவேல் வந்தார். கல்யாண வீடியோக்காரர்; புதன்கிழமை முகூர்த்தம் இல்லாததால் கிடைத்தார். பின் தெரு வழி, செருப்பு ரேக், விரல் வைக்கும் கருவி என்று மளமளவென எடுத்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, ஸ்டூல் எங்கம்மா என்றார்.

மூன்றாம் மாடியில் ஸ்டூல் இல்லை. இரண்டாம் மாடியிலும் இல்லை. வீராசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் மாடியைச் சுற்றிப் பார்த்தார், ஏதோ நேற்றுவரை இருந்ததுபோல. நிற்கிற கடைக்குத்தான் மரியாதை, உட்கார்ந்த ஆளைப் பார்த்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்பது முதலாளியின் எண்ணம் என்று மெதுவாகச் சொன்னார். சாமுவேலுக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. கோயில் கோபுரத்தை ட்ரோனில் எடுத்தது கைவசம் இருக்கிறது, அந்த வரி ஓடும்போது அதைப் போட்டுவிடலாம், எல்லாக் கல்யாணத்திலும் போடுவதுதான் என்றார். வீராசாமிக்கு முகம் தெளிந்தது.

இளவரசி கவுன்டரின் பின்னால் நின்றபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

துளசி சாமுவேலிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். "கோபுரத்தைக் காட்டிக்கினு ஸ்டூல் இருக்குதுன்னா, புதுசா வர்றவங்க கோயில்ல போய்த் தேடுவாங்க சார். இல்லாததை என்னால சொல்ல முடியாது. வரியை எடுத்துடலாம்."

"வரியை எப்படிம்மா எடுக்கறது? சட்டம்மா அது."

"சட்டம் கேட்டது ஸ்டூலை சார். வரியை இல்ல."

 வீராசாமி கெட்டவர் இல்லை. எழுதிவிட்டால் நடந்துவிட்டது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். பியூனை அனுப்பி வாசல் காவலாளியின் ஸ்டூலை வாங்கிவரச் சொன்னார். கவுன்டருக்கு உள்ளே போட்டார்கள். இளவரசி உட்கார்ந்தாள். ஆறு நொடி போதும் என்று சொல்லியிருந்த சாமுவேல், வெளிச்சம் சரியில்லை, துணி மறைக்கிறது என்று கால் மணி நேரம் எடுத்தார். உண்மையிலேயே வெளிச்சம் சரியில்லையா என்று துளசி கேட்கவில்லை. பிறகு ஸ்டூல் கீழே போய்விட்டது.

வீடியோ இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி வந்தது. முதலாளி பார்த்தார், தன் கடை அழகாக இருக்கிறது என்றார். திங்கள்கிழமை புதிதாகச் சேர்ந்த ஐந்து பெண்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். யாரும் வாசலில் போய் நிற்கவில்லை. செருப்புகள் ரேக்கில் இருந்தன. மதியம் இரண்டரை மணிக்கு, தாமலில் இருந்து வந்திருந்த திரிஷா என்ற பெண் நான்காம் மாடி அலுவலகத்துக்கு வந்து, எங்க மாடியில ஸ்டூல் இல்ல சார், இல்லன்னா வந்து கேக்கணும்னு வீடியோவுல சொன்னாங்க என்றாள். வீராசாமி பார்க்கிறேன் என்றார். மூன்று மணிக்கு இன்னொருத்தி வந்தாள். மறுநாள் இரண்டு பேர். அவர்கள் சண்டை போடவில்லை, கோரிக்கை வைக்கவில்லை. வீடியோவில் சொன்னபடி வந்து கேட்டுவிட்டு, சரிங்க சார் என்று போனார்கள். அடுத்த நாள் திரும்ப வந்தார்கள்.

வியாழக்கிழமை பழைய ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். லிஃப்டில் இடம் இல்லாமல் முதலாளி படியேறி வந்தார். அலுவலக வாசலில் நின்ற ஏழு பேரைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஏழு பேரும் ஒன்றையே சொன்னார்கள். இப்படி யார் சொன்னது என்றார். வீடியோ என்றார்கள். வீடியோவை முதலாளி பாராட்டியிருந்தார். படம் எடுக்கும் முன்பே துளசியின் தாளில் ஒவ்வொரு பக்கமும் அவர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவர் வீராசாமியைப் பார்த்தார். வீராசாமி துளசியைப் பார்த்தார். துளசி தாளை எடுத்து நீட்டினாள். முதலாளி முதல் தடவையாக இடது பக்கத்தையும் படித்தார்.

"இதுக்கு எத்தினி ஸ்டூல் வேணும்?" என்றார்.

"பதினாலு சார்," என்றாள் துளசி. எண்ணி வைத்திருந்தாள்.

வாடிக்கையாளர் இருக்கும்போது யாராவது உட்கார்ந்திருந்தால் பதினாலும் கீழே போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். சனிக்கிழமை ஸ்டூல்கள் வந்தன.

அடுத்த வாரம் ஒரு காலை, வியாபாரம் சூடு பிடிக்காத பதினொரு மணிக்கு, தனுஷ் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். ஒன்றாம் தேதிக்கு வருகிறாளா இல்லையா என்று கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தவர். இளவரசி கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, துணிகளில் விலைச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உட்காரும்மா, நான் என்னா கஸ்டமரா?"

"படியேறி வந்துட்டா கஸ்டமர்தாண்ணா. அண்ணிக்கு என்னா எடுக்கட்டும்?"

தனுஷ் ஸ்டூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டு, பச்சையில் ஏதாவது இருந்தால் காட்டு என்றார்.