வாடகைக் கேசட்டில் ஒரு பெயர்

முருகன்குறிச்சியில் ஹாஜா வைத்திருந்தது படக் கேசட் கடைதான். ஆனால் டிவி கேம் வந்த பிறகு பாதி அலமாரி விளையாட்டுக் கேசட்டுகளுக்குப் போய்விட்டது. அட்டையில் ஆயிரம் ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே பத்து ஆட்டமே திரும்பத் திரும்ப வரும். அந்தப் புளுகு வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால்தான் ஊரில் விவரம் உள்ளவர்கள் எதையும் விலைக்கு வாங்கவில்லை. முன்பணம் கட்டி, ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஆடிப் பார்த்து, மறுநாள் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள்.

அந்த அலமாரியில் ஒரே ஒரு கேசட் மட்டும் தனி ரகம். சிங்கப்பூரிலிருந்து ஹாஜாவின் மச்சான் கொண்டுவந்தது. உள்ளே சின்ன பேட்டரி உண்டு. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூன்று பேர் பெயர் பதியலாம். கையில் விளக்கோடு ஒரு வழிப்போக்கன் மலையருவியில் கிளம்பி, ஆற்றோடு நடந்து, கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் சத்திரங்கள் வரும். அங்கே தங்கினால்தான் ஆட்டம் பதியும்.

சுகிர்தாவுக்கு இந்த விவரமெல்லாம் தம்பி சொல்லித் தெரியும். கணேஷ்ராம் கல்லூரிக்குப் போன நேரத்தைவிட ஹாஜா கடையில் நின்ற நேரம் அதிகம். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்த அக்காவிடம்தான் வாடகைக் காசைக் கறப்பான். "வாங்கித் தொலைக்க வேண்டியதுதானலே" என்று அவள் சலித்துக்கொள்வாள். "வாங்குனா அது ஒன்னுதானக்கா. வாடகைன்னா கடையே நம்முது" என்பான். அவனுக்கு ஒரு ஒழுக்கமும் இருந்தது. பேட்டரிக் கேசட்டை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சுவிட்சை நிறுத்துவான். இல்லாவிட்டால் பதிந்ததெல்லாம் அழிந்துபோகலாம். "இன்னும் ரெண்டு பேரு ஆட்டம் உள்ள கெடக்கு. வாடகைக் கேசட்ல அடுத்தவன் பேரை அழிக்கவன் மனுசனே இல்ல."

ஐப்பசி வெள்ளத்தில் அவன் போய்விட்டான். கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்ணார்பேட்டை வீட்டுக்கு வரும் வழியில், பாலத்துப் பக்கம் வெள்ளம் பார்க்க இறங்கியவன். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தேடாத படித்துறை இல்லை. ஆள் கிடைக்காததால் அம்மா பாலம்மாள் அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை. "எம்புள்ளை எங்கயோ நடந்துக்கிட்டுதான் இருக்கான்" என்பாள். சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, கணேஷ்ராம் கட்டி, கடைக் கணக்கிலேயே கிடந்த முன்பணத்தைக் கொடுப்பதற்காக ஹாஜா சுகிர்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"தங்கச்சி, அவன் ஆட்டம் அந்தக் கேசட்ல அப்படியேதான் கெடக்கு. ரெண்டாவது பேரு. யாரும் தொடல. பசங்க நல்ல பசங்க."

அவள் பணத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். கேசட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தம்பியின் டிவி கேம் பெட்டியில் சொருகிப் போட்டதும் திரையில் மூன்று பெயர்கள் வந்தன. நான்கு ஆங்கில எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. இரண்டாவதாகக் 'கணே' என்று ஆங்கிலத்தில் இருந்தது, பக்கத்தில் பாலத்துச் சத்திரம் என்று. அவன் கைபட்டு எழுதிய கடைசி எழுத்து அதுதானே. தொட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ரீசெட்டை அமுக்கிப் பிடித்து அணைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் எடுத்தாள். பெயர் இருந்தது. பக்கத்தில் தோப்புச் சத்திரம் என்று இருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எவனோ தம்பியின் ஆட்டத்தை எடுத்து ஆடியிருக்கிறான்! கேசட்டைக் கொண்டுபோய் ஹாஜாவின் மேசையில் வைத்துக் கேட்டாள். இடையில் எடுத்தவன் தேவசிகாமணி ஒருவன்தான். தையல்கடைக்காரன். எதிர்க்கடையிலேயே இருந்தான், கூப்பிட்டார்கள்.

"நான் மொத பேரை வச்சுல்லா ஆடுதேன். அவன் ஆட்டத்தை நான் ஏன் தொடப்போறேன் அக்கா?" என்றான். பிறகு பைய, ஹாஜாவுக்குக் கேட்காதபடி, "நான் போடும்போது பாலம்னுதான் இருந்துச்சு. ஆடி முடிச்சு மறுபடி போட்டுப் பார்த்தேன். தோப்புன்னு இருந்துச்சு. நான் வாயே தொறக்கல. சொன்னா எவன் நம்புவான்?" என்றான்.

அவன் பொய் சொல்கிற ஆளாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாசி பிறந்தபோது பெயர் உப்பளத்துச் சத்திரத்துக்கு வந்திருந்தது. அதற்குள் கேசட் பல கைகள் மாறியிருந்தது, எல்லாரிடமும் விசாரித்தாயிற்று, எல்லாரும் கையை விரித்தார்கள். அவள் எடுத்து வந்து வைத்திருக்கும் நாளில் மட்டும் அது நகரவே இல்லை.

"உப்பளத்துக்கு அடுத்து என்ன பாய்?"

"கடல்தான். கடலைத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. பேரை அதுவே அழிச்சிட்டு அடுத்த ஆளுக்கு எடம் விட்டுரும்."

இருக்கிற ஒரே அடையாளமும் போய்விடுமா? "இதை எனக்கு விலைக்குக் கொடுத்துருங்க" என்றாள் சுகிர்தா.

ஹாஜா நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "வித்தா ஒரு தடவைதான் காசு தங்கச்சி. வாடகைக்குன்னா இது பொன்முட்டை போடுத கோழில்லா" என்றார். அவளுக்கு மனம் ஆறாது என்று பார்த்து, இதே ஆட்டத்தைத் தூத்துக்குடியில் கப்பல்காரர் ஒருவர் பழசாக விற்றுவிட்டுப் போனதை வரவழைத்துக் கொடுத்தார். "பாதி வெலைதான். ஆனா சொல்லிப்புடுதேன், பழசு வாங்குனா பேட்டரிக்கு யாரும் பொறுப்பில்ல. இதுல பேட்டரி செத்துப்போச்சு. பேரு எழுதலாம், அணைச்சா போயிரும்."

அவள் அதையும் போட்டுப் பார்த்தாள். மூன்று இடமும் காலி. 'கணே' என்று அவளே அடித்தாள். அணைத்து மறுபடி போட்டதும் வெறும் திரை. அச்சு அசலாக அதே கேசட்தான், அதில் தம்பி மட்டும் இல்லை. அன்று அழுத அழுகையைப் பார்த்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் சுகிர்தா கடைக்குப் போய் ஒற்றைக்காலில் நின்றாள். ஹாஜா அவள் முகத்தைப் பார்த்தார். கேசட்டை எடுத்துத் துடைத்து, அதற்கென்று இருந்த உறையில் போட்டுக் கொடுத்தார். புதுசு விலைதான் வாங்கினார், அதற்குமேல் கேட்கவில்லை.

இனி எவனும் தொட முடியாது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வாரம் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள். உப்பளத்துச் சத்திரம், உப்பளத்துச் சத்திரம், உப்பளத்துச் சத்திரம். நிம்மதியாக இருந்தது.

அப்புறம்தான் குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை வர ஆரம்பித்தது. தாமிரபரணித் தண்ணீர்தானே குழாயிலும் வருகிறது, அதிலென்ன அதிசயம் என்று முதலில் விட்டுவிட்டாள். பங்குனி வெயிலில் ஆறு கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பாக்கியவதி அக்கா வீட்டுக் குழாயில் தெளிந்த தண்ணீர். இவர்கள் வீட்டில் மட்டும் குடத்தின் அடியில் வெள்ளத்து வண்டல், செக்கச்செவேல் என்று. பீரோவைத் திறந்தால் புடவைகளில் ஈர மணல் வாடை அடித்தது. துணி மட்டும் காய்ந்துதான் இருந்தது.

அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால், "அவன் வாசல்ல நிக்கான். உள்ளயும் வர மாட்டேங்கான், போகவும் மாட்டேங்கான். எனக்கு எப்படிட்டி சோறு எறங்கும்?" என்றாள்.

"இத்தனை நாளா நடந்துக்கிட்டு இருக்கான்னுல்லா சொன்ன?"

"நடந்தான். இப்பம் நிக்கான். கால் வலிக்கும்லா அவனுக்கு."

கேசட்டைப் பற்றி அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் சுகிர்தா கேசட்டைப் போட்டாள். முதன்முறையாக அவன் பெயரைத் தேர்ந்து உள்ளே போனாள். சத்திரத்து வாசலில் வழிப்போக்கன் விளக்கோடு நின்றான். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. எந்த ஆட்டத்திலும் பொம்மைக்கு முதுகுதான் தெரியும், பக்கவாட்டு தெரியும். இவன் திரும்பி நேராக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அலறத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தவரை அவனுக்கு வழி இருந்தது. அவள் விலை கொடுத்து வாங்கி, பூட்டி, கடலுக்கு ஒரு சத்திரம் முன்னால் அவனை நிறுத்தி வைத்திருந்தாள். அவளுக்கு அவன் வேண்டும் என்பதற்காக.

"போயிட்டு வாலே" என்றாள். ரீசெட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அணைத்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றாள். "பாய், இதை வச்சுக்கிடுங்க. காசு வேண்டாம். ஆனா யாருக்கும் விக்கக் கூடாது. வாடகைக்கு மட்டும் விடுங்க."

ஹாஜா கேசட்டை அதன் பழைய இடத்தில், கண்மட்ட அலமாரியில் வைத்தார். அன்றே தேவசிகாமணி வந்து எடுத்துப்போனான்.

அவன் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனாள். கடை டிவியிலேயே போட்டுப் பார்த்தார்கள். முதல் இடத்தில் தையல்காரன் பெயர். மூன்றாவது இடத்திலும் யார் பெயரோ பத்திரமாக இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

ஹாஜாவின் முகம் வெளிறிவிட்டது. "ரீசெட்டைப் பிடிக்காம அணைச்சிட்டானோ பாவி" என்றார்.

"அப்படின்னா மத்த ரெண்டும் தப்பிச்சிருக்குமா பாய்? அவனைத் திட்டாதீங்க."

பாலத்துப் பக்கம் வரும்போது ஆற்றைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பார்த்தாள். ஆறு கிழக்கே, கடல் இருக்கும் பக்கம், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தாள்.

வீட்டில் அம்மா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். குடத்தில் தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. சுகிர்தா செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா திரும்பாமல் கேட்டாள்.

"போய்ச் சேர்ந்துட்டானா?"

"சேர்ந்துட்டாம்மா."

அம்மா குழாயை அடைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மகன் படத்தின் முன்னால் நின்றாள்.

"நாளைக்குப் பூக்காரிட்ட ஒரு மாலைக்குச் சொல்லிரு" என்றாள்.