ஆறாவது குறிப்பு

வேலையை விட்டுப் போகிறவள் எழுதிவைக்கும் குறிப்புக்கு ஒரு லட்சணம் உண்டு. நாம் செய்த குளறுபடிகளை ‘கவனிக்க வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டு அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம். கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் நான் ஐந்தைக் கட்டிவிட்டேன். ஆறாவதில் வந்து நின்றுவிட்டேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அது. பதினான்கு பண்ணைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டேப்லெட் இருக்கும். தீவனம், தண்ணீர், சாவு என்று மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் தினமும் பதிவார்கள். அவை உடனே பண்ணை சர்வரில் வந்து விழும். இரவு ஒன்றரை மணிக்கு ஒரு வேலை தானாக ஓடி, அங்கிருப்பதைத் தலைமை அலுவலக சர்வருக்கு நகலெடுக்கும். காலையில் முதலாளி கையில் காபியும் ரிப்போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இரவு வேலையை எழுதியவள் நான், இர்பானா. திங்கள்கிழமை முதல் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பக்கத்து மேசை குமரகுரு.

முதல் ஐந்தில் என் மானத்துக்குக் குறைவு ஒன்றுமில்லை. கரண்ட் போய் சர்வர் பாதியில் நின்றால் பழைய பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும்; மறுநாள் அந்த வேலை ‘ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிவிடும்; கோப்பை நாம்தான் அழிக்க வேண்டும். ஒரு பதிவுகூட நகலாகாத இரவிலும் ‘வெற்றி’ என்று மெயில் வரும். அதை நம்பக் கூடாது. இந்த மாதிரி விஷயங்கள்.

ஆறாவதின் பெயர் வசந்தாமணி.

ஒன்பதாம் எண் பண்ணையின் பொறுப்பாளர் ராசப்பன். டேப்லெட்டில் எழுதுகிறவர் அவர் மனைவி வசந்தாமணி. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒன்பதாம் பண்ணையில் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் சாவு பூஜ்யம் என்று ரிப்போர்ட் காட்டுவதைக் கவனித்து வசந்தாமணிக்குப் போன் செய்தேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவுக்கணக்கு எழுதுனா ஊட்டுக்கு ஆகாதுங்க சாமி. தீவனம் எழுதிப் போடறனுங்க. செத்தத மட்டும் சனிக்கிழமை வெடியால எழுந்திரிச்சதும் மொத வேலையா, வெள்ளிக்கிழமைத் தேதியப் போட்டே எழுதிப்போடறேன். ஒண்ணுகூட உடறதில்லீங்க” என்றார்.

அவர் ஒன்றுகூட விடவில்லை. விட்டது நான் எழுதிய அந்த இரவு வேலை. அது கடைசியாக நகலெடுத்த தேதியை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த தேதியிலிருந்து மட்டும்தான் எடுக்கும். சனி விடிவதற்குள் வெள்ளி முடிந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளும். காலையில் வசந்தாமணி வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு எழுதுவது அதன் கண்ணில் என்றைக்கும் படாது. பதிவு இல்லாத இடத்தில் ரிப்போர்ட் பூஜ்யம் போட்டுக்கொள்ளும். சர்வருக்குப் பதிவு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எழுதியிருக்க வேண்டும். அரை நாள் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

திருத்தப் போனால் ‘இத்தனை நாள் ரிப்போர்ட் தப்பா’ என்று கேள்வி வரும். அதனால் ஒரு குறுக்குவழி செய்தேன். சனிக்கிழமைதோறும் காலையில் சேலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுவேன். அது வெள்ளிக்கிழமைப் பதிவுகளை மட்டும் தலைமை அலுவலகத்தில் அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்கும். அழிக்காமல் எடுத்தால் எல்லாப் பண்ணைக்கும் இரட்டையாக விழும். ஒருவரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், வாரம் ஒரு துண்டாக.

ஜூனில் நான்கு சனிக்கிழமை அதை ஓட்டவில்லை. பெங்களூரில் நான் சேரப்போகும் புது வேலைக்கான இன்டர்வியூக்கள். பிறகு மறந்தே போனேன். அந்த ஜூனில்தான் ஒன்பதாம் பண்ணையில் நோய் வந்தது.

என் கடைசி வாரத்தின் புதன்கிழமை அங்கே ஊசி போடும் ஆட்கள் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டு எண்ணியதில் கணக்குக்கு நூற்றுப் பத்தொன்பது குறைந்தது. மேனேஜர் தனபால் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். நோய் உச்சத்தில் இருந்த மாதத்தில் நான்கு வெள்ளிக்கிழமை சாவு பூஜ்யம்.

“நோவுக்கு வெள்ளிக்கிழமை லீவாய்யா?” என்று வியாழக்கிழமை பண்ணைக்கே போய், வேலையாட்கள் முன்னால் கேட்டாராம். செத்திருந்தால் எழுதியிருப்பாய், எழுதவில்லை என்றால் உயிரோடு வெளியே போயிருக்கிறது என்பது அவர் கணக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகத்தில் விசாரணை. வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு மனிதனைக் கேவலமாகப் பேசக் கோழி திருடன் என்பார்கள்; சொந்தக் காடு தோட்டம் உள்ள ராசப்பனுக்கு அந்தப் பெயர் நிஜமாகவே வரப் போகிறது.

எனக்கு இதெல்லாம் அன்று காலைதான் தெரிந்தது. தெரிந்ததும் பண்ணை சர்வரில் பார்த்தேன். முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு, இருபத்தேழு, பதினேழு. நான்கும் சனிக்கிழமை விடிகாலையில் வந்திருந்தன. கூட்டினேன். நூற்றுப் பத்தொன்பது.

ஆறாவதை எழுதினேன். நான்கு முறை அழித்தேன். ஐந்தாவது முறை எழுதியதைக் குமரகுருவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

“இத அனுப்பாதீங்க” என்றார். “அஞ்சு மணிக்கு ரிலீவிங் லெட்டர்ல தனபால் சார் கையெழுத்துப் போடணும். இதப் படிச்சுட்டுப் போடுவாருங்கறீங்களா? அங்க திங்கக்கெழம அந்த லெட்டர் இல்லாம உள்ள விடுவாங்களா?”

“ராசப்பன்?”

“அவருக்குக் காடு தோட்டம் இருக்குதுங்க. சோத்துக்கா இல்ல? நான் அடுத்த மாசம் சத்தமில்லாம சரி பண்ணிர்றேன்.”

குமரகுரு கெட்டவர் இல்லை. எனக்கு நல்லதுதான் சொன்னார். அதைவிடக் கேவலம், அவர் சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசானது. அரை மணி நேரம் அந்த லேசோடு உட்கார்ந்திருந்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் ராசப்பன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் டேப்லெட். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வேலைய உட்டுட்டுப் போறீங்களாமா சாமி. நல்லா இருங்க” என்றார். பிறகு டேப்லெட்டை நீட்டினார். “இதுல ஜூன் மாசத்தது தெரியுமுங்களா? தேடிப் பார்த்தேன், ஒரு மாசத்துக்கு மேல காட்ட மாட்டேங்குது. அவ எழுதுனேன்னுதான் சொல்றா.”

“எழுதியிருக்காங்க. எல்லாம் இருக்கு” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

திரும்பிப் போய் ஆறாவதை அச்செடுத்தேன். கூடவே பண்ணை சர்வரின் நான்கு பதிவுகள், வந்த தேதி நேரத்தோடு. தனபால் அறைக்குள் போய் மேசையில் வைத்தேன். ராசப்பனையும் உள்ளே கூப்பிட்டேன். கூப்பிட எனக்கு அதிகாரம் இல்லை, அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை.

தனபால் நிதானமாகப் படித்தார். அந்த மனிதர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார்.

“ரெண்டு வருஷமா தெரியுமாம்மா உனக்கு?”

“தெரியும் சார்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணல?”

“பயம் சார். அப்புறம் பழகிப்போச்சு.”

அவர் ராசப்பன் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர்ல கோளாறுங்க ராசப்பா. உங்க மேல தப்பில்ல. மனசுல வெச்சுக்காதீங்க.”

“கம்ப்யூட்டர் இல்லீங்க” என்றேன். எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது. “அது நான் எழுதுன மாதிரிதான் ஓடுச்சு. தப்பு என்னோடது. உங்க வீட்டம்மா ஒண்ணுகூட விடல.”

ராசப்பன் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே நின்றார்.

“நேத்து இவரு வந்து, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னாருங்க” என்றார். “நாலு பேரு நின்னாங்க. நான் அவளப் பார்த்து, கோழிய யாருக்குடி குடுத்தேன்னு கேட்டுப்போட்டனுங்க. இருபத்தெட்டு வருஷத்துல அவள ஒரு வார்த்த அப்படிக் கேட்டதில்ல. ராத்திரி சோறு போட்டா. பேசல. நானும் பேசல.”

தனபால் என் ரிலீவிங் லெட்டரை எடுத்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

“இத அவகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா சாமி?” என்றார் ராசப்பன். “நான் சொன்னா, எனக்காகச் சொல்றேன்னு நெனைப்பா.”

“வாரேன்” என்றேன். அந்த ஊர்ப் பேச்சு அன்றுதான் என் வாயில் வந்தது.

பையை எடுக்க மேசைக்கு வந்தேன். குமரகுரு என் குறிப்பைத் திறந்து வைத்து, பண்ணை சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இர்பானா, இங்க பாருங்க. ஒம்போதாம் நம்பர் இன்னிக்கே அனுப்பிருச்சு. டைமுக்கு வந்துருச்சுங்க. இன்னிக்கு ராத்திரி தானா போயிரும், நாளைக்கு உங்க ஸ்கிரிப்டே வேண்டாம்.”

குனிந்து பார்த்தேன். ஒன்பதாம் பண்ணை. இன்றைய தேதி. வெள்ளிக்கிழமை. சாவு, மூன்று. காலை ஆறு பத்துக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை எழுதினால் வீட்டுக்கு ஆகாது என்றவர், வாசல் தெளித்த கையோடு எழுதியிருக்க வேண்டும்.

குமரகுரு என்னைப் பார்த்துச் சிரித்தார், பிரச்சினை தீர்ந்தது என்று. வெளியே ராசப்பன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. எத்தனை வெள்ளிக்கிழமையை வேண்டுமானாலும் அழித்து மறுபடி எழுத என்னிடம் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அந்த மூன்றை வசந்தாமணி எழுதாததாக ஆக்க ஒன்றும் இல்லை.