இளகிய மீனுக்கு ஒரு பதில்

அரை மணி நேரம் என்று சொல்லித்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வெளியே வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தன் நாக்கின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்ததும், பேசிய ஒவ்வொரு வாக்கியமும் புளித்த ஏப்பம்போல மேலே வந்தது.

உறைமீன் கிடங்கில் தர மேற்பார்வையாளர் வேலை அது. வேலை பார்த்த பழைய கிடங்கை மூடிவிட்டதால் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தாள். இந்த வேலை கிடைத்தால் தனியாக ஒரு அறை எடுக்கலாம். கிடைக்காவிட்டால், அக்கா மகளின் பொம்மைகளுக்கு நடுவில் அதே பாய்தான்.

"என்னடி ரேடியோ, எப்படிப் போச்சு?" என்று அக்கா கேட்டாள். அக்காவுக்கு வேறொரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க இப்படிப்பட்ட முகங்களைப் பார்க்கிறவள்.

"நாறிப்போச்சுக்கா. ஒரு கேள்விக்கு மூணு கதை சொன்னேன். பழைய மேனேஜருக்கு மூலம் இருந்ததைக்கூட சொல்லிட்டேன்."

"அய்யய்யே!"

சிரிக்காமல் அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நன்றி சொல்லி அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டியது. அதிகம் பேசியதற்கு மன்னிப்பு, பதற்றம்தான் காரணம் என்று விளக்கம், அந்த விளக்கத்துக்கு இன்னொரு மன்னிப்பு. தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"பேசி அறுத்தது பத்தாதுன்னு எழுதியும் அறுக்கப் போறியா? மன்னிப்பு கேட்டா, அவங்க மறந்ததையும் நீயே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். நன்றி ஒரு வரி. சரியா பதில் சொல்லாம விட்டது ஏதாவது இருந்தா, அதுக்கு மூணு நாலு வரி. வேலையில விருப்பம்னு ஒரு வரி. முடிஞ்சுது. இன்னிக்கே அனுப்பிடு, ஆறவிடாத."

"விட்டது ஒண்ணு இருக்கு" என்றாள்.

"எது?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவள் வெறும் திரையைப் பார்த்தாள். நேர்காணல் நடத்திய கிடங்கு மேலாளரின் மோதிரம் போட்ட விரல்கள் கண்முன் வந்தன. 'லாரியிலேர்ந்து இறக்கும்போதே மீன் இளகியிருந்தா என்ன செய்வீங்க?' என்று கேட்டவர், அவள் வாயைத் திறப்பதற்குள் தானே தொடர்ந்தார்: 'நாங்கல்லாம் மறுபடி உறைய வெச்சு அனுப்பிடுவோம். மேல பனி மூடிட்டா எவனுக்கும்மா தெரியும்?' சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

அதைத்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்தச் சிரிப்பை மூடத்தான் அத்தனை கதைகளையும் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். இளகி மறுபடி உறைந்த மீனின் வாடை அவளுக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் கையில் ஒட்டும் அந்தக் கொழகொழப்பும் தெரியும்.

விறுவிறுவென்று தட்டினாள்.

'இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இளகிய மீன் பற்றிய கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. மீனின் உள்வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்வேன். இளகியிருந்தால் அந்தச் சரக்கைத் தனியே நிறுத்தி, அனுப்பியவருக்கு எழுத்தில் தெரிவிப்பேன். எந்த நிலையிலும் மறுபடி உறைய வைத்து வெளியே விடமாட்டேன். இப்படி வேலை செய்ய இடமிருந்தால் இந்தப் பொறுப்பை ஏற்க விரும்புகிறேன்.'

அக்கா இரண்டு முறை படித்தாள். "கச்சிதமா இருக்கு. ஆனா இதை அனுப்பினா வேலை போனாலும் போகும்டி."

"தெரியும்."

"இன்னும் கொஞ்ச நாள் பொம்மையோடதான் படுக்கணும்."

"பொம்மை நாறாதுக்கா."

அனுப்பினாள்.

மறுநாள் காலை மேலாளரிடமிருந்து பதில் வந்தது. இழுக்க இழுக்கக் கீழே போய்க்கொண்டே இருந்தது. தான் சொன்னது வெறும் வேடிக்கை என்று ஆரம்பித்தார். தன் அனுபவத்தைச் சொன்னார், போட்டிக் கம்பெனிகளின் யோக்கியதையைச் சொன்னார், அப்பா மீன் விற்ற கதையைச் சொன்னார். 'வளைந்து கொடுக்கிறவர்களுக்கு எங்களிடம் எதிர்காலம் உண்டு, நீங்கள் எப்போது சேரலாம்?' என்று முடித்திருந்தார். மறுபடி உறைய வைப்பார்களா மாட்டார்களா என்பதற்கு மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உன்னையும் மிஞ்சிட்டான்டி இந்த ரேடியோ! அந்த ஒண்ணே முக்கால் மணி நேரத்துல பாதி இவன் பேசினதாத்தான் இருக்கும்."

யோசித்தால், பாதிக்கு மேலேயே இருக்கும். அது ஆறுதலாக இல்லை. இரண்டு பேர் ஒரே நாற்றத்தின் மேல் மாறி மாறிப் பேச்சைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அவள் இரண்டே வரிகள் எழுதினாள். 'அழைப்புக்கு நன்றி. நான் சேரவில்லை.'

பிறகு எழுந்து போய் வாயைக் கொப்பளித்தாள். காலையில் பல் தேய்த்திருந்தாள்தான். ஆனாலும் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும்போல் இருந்தது.